கலைச்சொல் விவாதம்: கூட்டுச் சுட்டியில் முன்னுக்கு நிற்கும் நிரல்களுக்கு என்ன பெயர்?

மாங்குளத்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கூட்டுறவுச் சங்கக் கிளைகளில் நெல் கொள்வனவுப் பதிவைப் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். தரவுத்தளப் பகுதியில் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பல நிரல்களைச் சேர்த்துப் போடும் இன்டெக்ஸைக் கூட்டுச் சுட்டி என்று எழுதிவிட்டேன். ஆனால் ஒரு வினவல் அந்தச் சுட்டியை நன்றாகப் பயன்படுத்த, முதல் நிரலில் தொடங்கி இடையில் ஒன்றையும் விடாமல் நிபந்தனை இருக்க வேண்டும் அல்லவா? அப்படி முன்னிருந்து வரும் பகுதியைத்தான் லெஃப்ட்மோஸ்ட் பிரிஃபிக்ஸ் என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். கையேட்டில் வரும் வினவல் இது:

```
SELECT * FROM kolvanavu
WHERE kilai = 3
  AND thikathi BETWEEN '2024-02-01' AND '2024-03-31';
```

சில நேரம் இதோடு `AND vakai = 2` என்று நெல் வகையும் சேரும். கிளை இல்லாமல் யாரும் தேடுவதில்லை.

வவுனியாவிலிருந்து:

முன்னொட்டு என்று போடுங்கள், முடிந்தது. பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல்.

சுட்டியின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். அதிக வேறுபட்ட மதிப்புகள் உள்ள நிரல்தான் முன்னால் வர வேண்டும். கிளை ஏழெட்டுத்தான் இருக்கும், திகதியோ நூற்றுக்கணக்கில் வரும். ஆகவே `(thikathi, kilai)`. இப்படிப் போட்டு EXPLAIN கொடுத்துப் பார்த்தேன், சுட்டியின் பெயர் வருகிறது. நன்றாகவே வேலை செய்கிறது.

முள்ளியவளையிலிருந்து:

பிள்ளை, சுட்டி என்பதே குழப்பம். கணக்குப் பாடத்தில் அடுக்குக்கும் சுட்டி, கணினி மேசையில் மவுசுக்கும் சுட்டி. புத்தகத்தின் கடைசியில் வருவதை அடைவு என்றுதானே சொல்லுவோம்? அதில் சொற்களை அகரவரிசையில் வைத்தால் போதும், எது முன்னால் என்ற கேள்வியே வராது.

மாங்குளத்திலிருந்து:

சேர், அடைவு என்றால் எங்கட பிள்ளைகளுக்கு நகை அடைவு வைக்கிறதுதான் நினைவுக்கு வரும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கேட்பது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பற்றி இல்லை. ஒரே சுட்டிக்குள் இரண்டு மூன்று நிரல்கள் இருக்கும்போது எதை முன்னால் வைப்பது என்பதையும், அப்படி முன்னால் வருவதற்கு என்ன பெயர் என்பதையும்தான் கேட்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து:

தங்கச்சி, சொல்லுக்குப் பிறகு வருவோம். வவுனியாத் தம்பி சொன்ன வரிசையை அப்படியே கையேட்டில் போட்டுவிடாதீர்கள். அவர் சொன்ன மாதிரி `(thikathi, kilai)` என்று போட்டால் சுட்டிக்குள் பதிவுகள் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கும்:

```
2024-02-01  1
2024-02-01  3
2024-02-01  7
2024-02-02  1
2024-02-02  3
```

மூன்றாம் கிளையின் பதிவுகள் ஒன்றாக இல்லை. ஒவ்வொரு திகதிக்குள்ளும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். கிளைகள் எட்டு. ஒவ்வொரு கிளையிலும் காலபோகத்தின் அந்த இரண்டு மாதங்களில் 2,500 பதிவு, சிறுபோகத்தில் 1,500 பதிவு என்று வையுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு கிளையில் 20,000, எல்லாம் சேர்த்து 1,60,000 வரும். மேலே உள்ள வினவலுக்குத் தம்பியின் சுட்டி பெப்ரவரி முதல் திகதியில் இறங்கி மார்ச் கடைசி வரை நடக்கிறது. வழியில் எட்டுக் கிளைகளின் 20,000 பதிவுகளையும் தொட்டு, 17,500-ஐ வேண்டாம் என்று தள்ளிவிடுகிறது. அதையே `(kilai, thikathi)` என்று மாற்றினால் மூன்றாம் கிளைக்குள் போய், அந்தத் திகதியில் இறங்கி, 2,500-ஐ மட்டும் படித்து நின்றுவிடும்.

EXPLAIN-இல் சுட்டியின் பெயர் வந்தால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பக்கத்தில் `rows` என்ற நிரலைப் பாருங்கள். எவ்வளவு படிக்கப் போகிறது என்ற மதிப்பீடு அங்கே இருக்கும்.

வேறுபட்ட மதிப்புகளை எண்ணி வரிசை போடுவது முழுப்பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே அது கேள்வியே இல்லை. இரண்டு நிரலிலும் சமக்குறி இருந்தால், எது முன்னால் நின்றாலும் அந்த வினவல் படிக்கும் பதிவுகள் ஒரே அளவுதான். ஒன்றில் சமக்குறியும் மற்றதில் வீச்சும் இருந்தால் சமக்குறி முன்னால், வீச்சு பின்னால்.

மல்லாவியிலிருந்து:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் மருந்துக்கடைப் பட்டியலில் `(peyar, kaipesi)` என்று சுட்டி இருக்கிறது. வாடிக்கையாளரின் கைபேசி எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் இழுத்துக்கொண்டே நிற்கிறது. கணினிக்கு ராம் போதாது என்று இங்கே ஒருவர் சொன்னார். அதுதானா காரணம்?

கிளிநொச்சியிலிருந்து:

ராமை விடுங்கோ. பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் தேடினால் அந்தச் சுட்டிக்குள் எங்கே இறங்குவது என்று தெரியாது, அதனால் அட்டவணை முழுவதையும் படிக்கிறது. `kaipesi` நிரலுக்குத் தனிச் சுட்டி ஒன்று போடுங்கள். இருக்கிற சுட்டியில் வரிசையைத் திருப்பினால் பெயரால் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது தங்கச்சியின் மூன்றாவது நிரலுக்கு வருவோம். தொந்தரவான இடம் அதுதான். நெல் வகை சமக்குறியில் வருவதால் `(kilai, vakai, thikathi)` என்று போடத் தோன்றும். வகையும் சேர்ந்த வினவலுக்கு அது மிக நல்லது. மூன்றாம் கிளை, இரண்டாம் வகை, அந்த இரண்டு மாதம் என்று நேரே போய் இறங்கும். அந்த வகை 600 பதிவு என்றால் 600-ஐ மட்டும் படிக்கும். ஆனால் வகை இல்லாத வினவலில் நடுவில் ஒரு ஓட்டை விழுகிறது. கிளையோடு தேடல் நின்றுவிடும். அந்தக் கிளையின் ஐந்து வருடப் பதிவுகள் 20,000-ஐயும் சுட்டிக்குள் நடந்து, ஒவ்வொன்றிலும் திகதியைப் பார்க்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் இதைக் கண்டுபிடிக்க EXPLAIN-இல் வரும் `key_len` உதவும். `kilai` ஒரு INT, 4 பைட். `vakai` SMALLINT, 2 பைட். `thikathi` DATE, 3 பைட். மூன்றும் NOT NULL. வகை இல்லாத வினவலுக்கு இந்தச் சுட்டியைத் தேர்ந்தெடுத்தால் `key_len` 4 என்று வரும். அதாவது கிளை மட்டும்தான் தேடலுக்கு உதவியது. `(kilai, thikathi, vakai)` என்று போட்டால் அதே வினவலுக்கு 7 வரும், கிளையும் திகதியும்.

ஆகவே வகை எப்போதாவதுதான் வருகிறது என்றால் அதைக் கடைசியில் வையுங்கள். வகை சேரும்போது 2,500 பதிவைச் சுட்டிக்குள்ளேயே பார்த்து, 600-க்கு மட்டும் அட்டவணைக்குப் போகும். 600-ஐ மட்டும் படிப்பதை விடக் கூடுதல்தான், ஆனால் ஒரே சுட்டி இரண்டு வினவலுக்கும் உதவுகிறது. கொள்வனவு நாட்களில் ஒவ்வொரு மூட்டைப் பதிவும் ஒவ்வொரு சுட்டியிலும் எழுதப்பட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வவுனியாவிலிருந்து:

சரி அண்ணை, திகதி விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் நடுவில் வகையை வைத்தே ஓட்டையை அடைக்கலாமே? நெல் வகை நான்கு என்றால் `vakai IN (1,2,3,4)` என்று எழுதினால் போதாதா?

கிளிநொச்சியிலிருந்து:

ஓம், அது நல்ல வழிதான். நான்கு வகைக்கும் தனித்தனியாக நான்கு இடத்தில் இறங்கி, அந்தந்தத் திகதி வீச்சை மட்டும் படிக்கும். `key_len` 9 ஆகிவிடும். இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, ஐந்தாவது வகை வந்த நாளில் யாராவது வினவலைத் திருத்த மறந்தால் அந்தப் பதிவுகள் அறிக்கையில் வராது, பிழைச் செய்தியும் வராது. மற்றது, பதிவுகள் வகை வகையாக வருவதால் `ORDER BY thikathi` கேட்டால் தனியாக வரிசைப்படுத்த வேண்டியிருக்கும். Extra நிரலில் `Using filesort` என்று காட்டும்.

போஸ்ட்கிரெஸ் 18-இல் இப்படி விடுபட்ட நிரலைத் தானே தாண்டித் தேடும் வசதி வந்திருக்கிறது. விடுபட்ட நிரலில் சில மதிப்புகளே இருந்தால்தான் அதில் லாபம்.

சொல் விஷயத்தில், முன்னொட்டு வேண்டாம். ஒரு நிரலின் முதல் சில எழுத்துகளை மட்டும் எடுத்து `peyar(10)` என்று சுட்டி போடுவோமே, முன்னொட்டுச் சுட்டி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இரண்டும் ஒரே கையேட்டில் வந்தால் பிள்ளைகள் குழம்பும்.

முள்ளியவளையிலிருந்து:

இப்போதுதான் கேள்வி எனக்குப் பிடிபட்டது. இது வயலுக்குத் தண்ணீர் விடுகிற கதைதானே. தலைமடை திறக்காமல் கடைமடைக்குத் தண்ணீர் வராது. முதல் நிரலைத் தலைநிரல் என்று சொல்லலாம். அதிலிருந்து அறுபடாமல் வருகிற நிரல்களைத் தலைத்தொடர் என்று சொல்லலாம். தொடர் என்றாலே இடையில் அறக்கூடாது என்பது அடங்கிவிடுகிறது.

மாங்குளத்திலிருந்து:

தலைநிரல், தலைத்தொடர் இரண்டும் நன்றாக இருக்கின்றன சேர். ‘இந்த வினவலில் தலைத்தொடர் கிளையோடு அறுந்துவிடுகிறது’ என்று எழுதிப் பார்த்தேன், வசனம் இயல்பாகவே வருகிறது.

இன்னுமொன்று மிச்சம் இருக்கிறது. அண்ணை சொன்ன உதாரணத்தில் கடைசியில் வைத்த வகை, இறங்கும் இடத்தைக் குறுக்காமல், படித்ததில் வேண்டாததைத் தள்ளுவதற்கு மட்டும் உதவுகிறது. அந்த வேலை செய்யும் நிரலுக்கும் பெயர் வேண்டும். சல்லடைதான் நினைவு வந்தது. சலிப்பு நிரல் என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கே சலிப்பு வந்துவிடும்.

வவுனியாவிலிருந்து:

வடிநிரல் என்று வைக்கலாம். வடிகட்டி எல்லோருக்கும் தெரியும்.

கிளிநொச்சியிலிருந்து:

WHERE-இல் வரும் எல்லா நிபந்தனையையும் வடிகட்டி என்றுதான் இப்போது எழுதுகிறோம். வடிநிரல் என்றால் தலைத்தொடரில் உள்ளதும் அதற்குள் வந்துவிடும். சலிக்கும் நிரல் என்றே விடலாம் என்பது என் பக்கம். வினையாக இருப்பதால் அந்தச் சலிப்பு நினைவுக்கு வராது.

மல்லாவியிலிருந்து:

தனிச் சுட்டி போட்டேன், எண்ணைத் தட்டின உடனே வருகிறது. நன்றி அண்ணை. ஒரு சந்தேகம்: தமிழ்நாட்டில் நிரல் என்றால் புரோகிராமையும் சொல்கிறார்களே, தலைநிரலை முதன்மைப் புரோகிராம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

மாங்குளத்திலிருந்து:

எங்கட பாடப் புத்தகத்தில் நிரை, நிரல் இரண்டும் அட்டவணைக்குத்தான். புரோகிராமுக்குச் செய்நிரல் இருக்கிறது. கிளைப் பிள்ளைகள் அதைத்தான் படித்தவர்கள், ஆகவே கையேட்டில் நிரலை மாற்றவில்லை. தலைநிரல், தலைத்தொடர் இரண்டையும் வரைவில் சேர்த்துவிட்டேன். மற்றதற்கு இப்போதைக்குச் சலிக்கும் நிரல் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். வடிநிரல்தான் வேண்டும் என்கிறவர்கள் WHERE வடிகட்டியிலிருந்து அதை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று எழுதுங்கோ. சேர், அடைவா சுட்டியா என்பதற்குத் தனி இழை தொடங்குவோம்.