புதுப்பிப்பு: பதிவுகளின் இடைவெளி, ஷீட் ஃபார்முலா

நான் முன்பு கேட்டது: "கிருஷ்ணகிரி மாங்கன்று நர்சரிக்கு ஜூன் மாத சமூக வலைதளப் பதிவுகளை ஷெட்யூல் செய்கிறேன். இரண்டு ஒட்டி விழாமலும், எந்த வாரமும் காலியாகாமலும் எப்படிப் பார்ப்பது?"

தேதிகளை A-யில் வரிசைப்படுத்தி, B3-இல் இதைப் போட்டேன்:

```
=IF(A3-A2<2,"நெருக்கம்",A3-A2)
```

'ஏழுக்கு மேல் வந்தால் வாரம் காலி' என்றார் ஓசூர் நண்பர். பாதி சரி. 2025 ஜூன் 1 ஞாயிறு, அடுத்தது 9 திங்கள்: எட்டே நாள், நடுவில் ஒரு வாரம் காலி. ஆனால் 2 திங்கள், 15 ஞாயிறு என்றால் பதின்மூன்று நாள், எந்த வாரமும் காலியில்லை. அதனால் தர்மபுரி அக்கா சொன்னபடி, D-யில் திங்கட்கிழமைகளை எழுதி வாரத்தைத் தனியாக எண்ணினேன்:

```
=COUNTIFS(A:A,">="&D2,A:A,"<"&D2+7)
```

0 வந்தால் காலி. பதிவு இருந்தும் 0 காட்டினால், தேதி எழுத்தாகப் பதிந்திருக்கும். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.

பண்டிகை வாரத்தில் இரண்டு நாள் இடைவெளி தேவையா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.