ரெஸ்யூமேயில் குழு வேலையை எப்படி எழுதுவது?

வணக்கம். வேலை மாறப் பார்க்கிறேன், ரெஸ்யூமேயில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் நாலு பேர் குழு, ஆர்டர் பட்டியல் பக்கம் திறக்கும் நேரத்தை 6 நொடியிலிருந்து 2 நொடியாகக் குறைத்தது. என் பங்கு டேட்டாபேஸ். அதிக நேரம் பிடித்த குவெரியைக் கண்டுபிடித்து இண்டெக்ஸ் போட்டேன்; அது 3 நொடியிலிருந்து அரை நொடிக்கு வந்தது. மீதி ஒன்றரை நொடி, படங்களைச் சுருக்கியவர்களும் கேஷ் அமைத்தவரும் மிச்சப்படுத்தியது.

"பக்கத்தை மூன்று மடங்கு வேகமாக்கினேன்" என்று எழுதினால், நேர்முகத்தில் கேஷ் பற்றிக் கேட்டதுமே திணறுவேன். "குழுவில் பங்காற்றினேன்" என்றால் சும்மா உட்கார்ந்திருந்தவரும் அதையே எழுதலாம்! இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்:

"நால்வர் குழுவில் டேட்டாபேஸ் பகுதியைக் கவனித்தேன், முக்கியக் குவெரியை 3 நொடியிலிருந்து 0.5 நொடியாகக் குறைத்தேன். குழுவாக, பக்கம் திறக்கும் நேரம் 6 நொடியிலிருந்து 2 நொடியானது."

ஒரு சிக்கல். இண்டெக்ஸ் யோசனையை முதலில் சொன்னது எங்கள் சீனியர். `EXPLAIN` பார்த்து எந்தெந்த நெடுவரிசைகளில் இண்டெக்ஸ் போடுவது என்று முடிவு செய்ததும், சோதித்ததும் நான். அப்படியானால் "குறைத்தேன்" சரியா? அவர் பங்கை அந்த வரியிலேயே சொல்ல வேண்டுமா, நேர்முகத்தில் சொன்னால் போதுமா? ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.