பேசிய விலையும் திரையில் நின்ற விலையும்: தங்கம் வாங்கி விற்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போஸ்சாலைக்காரன்

2024 ஜூலை 23, பட்ஜெட் நாள். என் பெட்டியில் கிலோ கட்டி இரண்டு இருந்தது, விலை இறங்கினால் காவலாக இருக்கட்டும் என்று எம்சிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் ஆகஸ்ட் மாத ஒப்பந்தத்தில் கிலோவுக்கு ஒன்றாக இரண்டு லாட் விற்று வைத்திருந்தேன். காலை பதினோரு மணிக்குச் சற்று முன் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போனில் ஒரு கிலோ கேட்டார். திரையில் 10 கிராம் 72,650 என்று நின்றது. அதன்மேல் எங்கள் வழக்கமான சிறு பிரீமியம், ஜிஎஸ்டி தனி. "இந்த விலைக்கே ஃபிக்ஸ் பண்ணிக்கொள்ளுங்கள், நாளைக்கு ஆர்டிஜிஎஸ் போட்டுவிட்டுப் பையனை அனுப்புகிறேன்" என்றார். விற்றாயிற்று என்று ஒரு லாட்டைத் திரும்ப வாங்கி மூடிவிட்டேன். இருபது வருடமாகச் செய்வது இதுதான்.

நண்பகலை ஒட்டி இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. விலை இறங்கிய வேகத்தில் எண்ணைப் படிக்க முடியவில்லை. நான்காயிரம் ரூபாய் போய்விட்டது. அவருக்கு போன் செய்தேன். மணி முழுவதும் அடித்து நின்றது. மறுபடி அடித்தேன், நின்றது. நான்காம் முறை எடுத்து, "அண்ணாச்சி, அந்த விலைக்கு என்னால் முடியாது" என்று மட்டும் சொன்னார்.

மூடாமல் விட்ட லாட்டுக்கு மறுநாள் காலை நான்கு லட்சம் கணக்கில் வரவானது. அந்த லாட்டுக்கு எதிரே இருந்த கிலோவின் விலை குறைந்ததும் அதே அளவுதான், ஆகவே நஷ்டமில்லை. ஆனால் வாயால் விற்ற கிலோ என் பெட்டியிலேயே கிடந்தது, அதற்கு எதிரே ஒன்றுமில்லை. ஒரே பெட்டி, ஒரே தங்கம். அந்த போன் மணி இன்னும் காதில் கேட்கிறது.

பங்குத்திரை

எக்ஸ்சேஞ்சில் இந்தத் தொல்லையே கிடையாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எதிரே இருப்பவர் யார் என்று நமக்குத் தெரியவே வேண்டாம், எக்ஸ்சேஞ்சின் தீர்வகம் இரு பக்கத்துக்கும் பொறுப்பாக நடுவில் நிற்கிறது, நஷ்டப்பட்டவரிடம் அன்றன்றே வசூலித்து நமக்குக் கொடுத்துவிடுகிறது. எல்லாரும் அங்கேயே வாங்கி விற்கலாமே, போனில் பேசும் பழக்கம் எதற்கு? அங்கே தங்கம் கைக்கு வராது, வெறும் கணக்குதான் என்பது ஒன்றுதான் குறை.

கோவைப் பட்டறை

தங்கம் கைக்கு வராது என்று யார் சொன்னது? ஒப்பந்தம் முடியும்வரை வைத்திருந்தால் அங்கே டெலிவரி கட்டாயம். என் மைத்துனர் ஐந்தாம் தேதி முடியும் ஒரு கிலோ லாட்டைக் கடைசி நெருங்கும்வரை நீட்டிக்கொண்டு போனார். முடிவதற்குச் சில நாட்கள் முன்பே தரகரிடமிருந்து டெலிவரி மார்ஜின் என்ற கூடுதல் ஈட்டுத்தொகை கேட்டு அழைப்பு வந்தது. பணம் கட்ட இயலாமல், கிடைத்த விலைக்கு வெளியே வந்தார். கட்டியிருந்தால் அகமதாபாத் பெட்டகத்தில் 995 தரக் கட்டி, அதாவது ஆயிரத்தில் 995 பங்கு சுத்தத் தங்கம், அவர் பேரில் வந்திருக்கும். கோவைக்குக் கொண்டுவரும் செலவும் காப்பீடும் ஜிஎஸ்டியும் அவர் தலையில்.

அதனால்தான் போனில் பேசுகிறோம். எனக்கு இன்று மதியம் மூன்று மணிக்கு 300 கிராம் 999 வேண்டும், நாளை ஆசாரிகள் உட்கார வேண்டும். அதை எந்தத் திரையும் தராது. எங்கள் தெருவில் ஒருவர் தருவார். விலையைத் திரை சொல்லும், தங்கத்தைத் தெருதான் தரும்.

தீர்வகம் அன்றன்றே கொடுக்கும் என்றீர்கள். அன்றன்றே எடுக்கவும் எடுக்கும். 2024 பிப்ரவரிக் கடைசியில் 62,500க்குப் பக்கத்தில் ஒரு லாட் விற்றேன், பெட்டியில் இருந்த கிலோவைக் காக்கத்தான். ஏப்ரல் நடுவில் 71,500 தாண்டியது. 10 கிராமுக்கு ஒரு ரூபாய் ஏறினால் லாட்டுக்கு நூறு ரூபாய். ஒன்பது லட்சம், தவணை தவணையாக, ஒவ்வொரு காலையும் போயிற்று. பெட்டியில் தங்கம் அதே ஒன்பது லட்சம் ஏறித்தான் இருந்தது, ஆனால் அதைக் கொண்டு மார்ஜின் கட்ட முடியுமா? ஒரு வெள்ளிக்கிழமை காலை மனைவியின் வளையலை அடகு வைத்து மார்ஜின் கட்டினேன். தங்க வியாபாரி தங்கத்தை அடகு வைத்த நாள் அது.

மதுரைக் கடை

போஸ்சாலை ஐயாவுக்கு நடந்ததற்கு நேர் எதிர் எனக்கு நடந்தது. நான் ஒரு மொத்தக் கடையில் அன்ஃபிக்ஸில் 200 கிராம் எடுத்தேன். அதே பிப்ரவரி மாதம். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது முன்பணம் கட்டிவிட்டு எடுத்துப்போங்கள் என்றார்கள். நகை செய்து, கடையில் அன்றைய சவரன் விலைக்கு விற்றுவிட்டேன். விற்ற அன்றே ஃபிக்ஸ் செய்திருக்க வேண்டும். மாசித் திருவிழாக் கூட்டத்தில் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன்.

ஏப்ரலில் அவர்கள் கடைக்குப் போனபோது பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். என் பேர், 200 கிராம், தேதி, முன்பணம், எல்லாம் மையில். விலைக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது, ஓரத்தில் பென்சிலில் ஒரு சின்னக் கேள்விக்குறி. அன்றைய விலையை எழுதச் சொன்னேன். நகையில் கிடைத்த லாபம் போக, கையிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் போட்டேன். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், பேசியது அப்படித்தான். விலை பேசாமல் வாங்கியதை விலை பேசி விற்றேன், அது எனக்கு அப்போது புரியவில்லை.

முன்னாள்_புல்லியன்_டெஸ்க்

லண்டன் கணக்கில் தீர்க்கும் ஒரு வங்கியின் பின்னறையில் ஒன்பது ஆண்டு இருந்தேன், துபாயில். தெருவுக்கும் திரைக்கும் நடுவே நீங்கள் சொல்லும் அதே பிளவு உலக அளவிலும் உண்டு. லண்டன் சந்தை முழுக்க இருவர் இருவராகப் பேசிக்கொள்வதுதான். பெரும்பாலும் குறிப்பிட்ட கட்டி எதுவும் கைமாறுவதில்லை, வங்கியில் இத்தனை அவுன்ஸ் வரவு என்ற எழுத்துத்தான் இரண்டு வேலை நாளில் மாறும். வங்கி விழுந்தால் அந்த எழுத்தை வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்பார். தன் பேரில் எண் போட்ட கட்டி வேண்டுமென்றால் தனிக் கணக்கு, அதற்குப் பெட்டகக் கட்டணம்.

என்னை உறுத்துவது 2020 மார்ச் 24. லண்டன் கட்டி 400 அவுன்ஸ், பன்னிரண்டரைக் கிலோ பக்கம். நியூயார்க்கின் காமெக்ஸ் எக்ஸ்சேஞ்சு ஒப்பந்தத்துக்குக் கொடுக்க வேண்டியது 100 அவுன்ஸ் கட்டி, அல்லது கிலோ கட்டிகள். ஒன்றை மற்றொன்றாக உருக்கித் தருபவை சுவிட்சர்லாந்தின் டிச்சினோ ஆலைகள். கொரோனாவால் அவை மூடின, பயணிகள் விமானமும் நின்றது. லண்டனில் வாங்கி நியூயார்க்கில் விற்று வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நியூயார்க் பக்கத்தை மூட ஓடினார்கள். இரண்டு ஊர் விலைக்கும் நடுவே அவுன்ஸுக்கு வழக்கமாக ஓரிரு டாலராக இருக்கும் இடைவெளி எழுபது டாலரைத் தாண்டியது. எனக்கு நினைவிருப்பது எண் அல்ல. எங்கள் டீலர் ஐந்து வங்கிகளிடம் விலை கேட்டார், இரண்டு வங்கிகள் பதிலே தரவில்லை. தங்கத்துக்கு விலை கேட்டுப் பதில் வராமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு காமெக்ஸை நடத்தும் சிகாகோ எக்ஸ்சேஞ்சு 400 அவுன்ஸ் கட்டியையும் ஏற்கும் புது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது.

திரையில் காவல் வைத்திருக்கிறேன் என்பவர்கள் காவல் எந்த ஊர்த் தங்கத்துக்கு, எந்த அளவுக் கட்டிக்கு என்று பார்க்க வேண்டும்.

சீட்டுக்கணக்கு

நான் ஒரு முறை 50 கிராம் பேசினேன், விற்றவர் விலை ஏறியதும் "சரக்கு வரவில்லை" என்றார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் போஸ்சாலைக்காரர் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் லாட்டை மூட வேண்டிய நேரம் பேசிய நேரமல்ல, பணம் வந்த நேரம். பேச்சுக்கும் பணத்துக்கும் நடுவே இருப்பது விற்பனையல்ல, வாடிக்கையாளருக்கு நீங்கள் இலவசமாகக் கொடுத்த உரிமை. விலை ஏறினால் வாங்குவார், இறங்கினால் போனை எடுக்க மாட்டார். அதற்கு ஐந்து சதவீதமாவது முன்பணம் வாங்குங்கள். பேசியவுடன் எடை, தரம், விலை, நேரம், எந்த மாத ஒப்பந்தத்தின் மேல் எவ்வளவு பிரீமியம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகே திரையைத் தொடுங்கள். பட்ஜெட், ரிசர்வ் வங்கி, அமெரிக்க வட்டி அறிவிப்பு ஆகிய நாட்களில் முந்தைய இரவே ஃபிக்ஸ் நிறுத்துங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இவ்வளவுதான் என்று மனத்தில் ஒரு வரம்பு வையுங்கள். எழுதி வைத்த வரம்பாக இருந்தால் இன்னும் நல்லது.

கோவைப் பட்டறை

சீட்டுக்கணக்கு சொல்வதில் ஓட்டை இருக்கிறது. பணம் வரும்வரை லாட்டை வைத்திருந்தால், விலை ஏறும் நாளில் என்ன ஆகும்? அவர் பேசிய விலைக்கே நேர்மையாகப் பணம் போடுவார். நீங்கள் பழைய விலைக்கு விற்று, ஏறிய விலைக்கு லாட்டை மூடுவீர்கள், நஷ்டம் உங்களுக்கு. நேர்மையானவர் வந்தால் நஷ்டம், வராதவர் ஏமாற்றினால் காவல். எந்தப் பக்கம் நிற்பது என்று வாடிக்கையாளரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். முன்பணம் சரி. அதைக் கேட்டால் பக்கத்துக் கடையில் கேட்காமல் கொடுப்பார்கள், அதற்கு என்ன செய்வது?

திருச்சி_சாந்தி

என் மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கிறேன். கடையில் காலையும் மாலையும் சவரன் விலை மாறுகிறதே, அது எம்சிஎக்ஸ்தானா? மினி லாட்டில் வாங்கி நகையாக மாற்றிக்கொள்ளலாமா?

மதுரைக் கடை

இல்லை அக்கா. அது நகை வியாபாரிகள் சங்கம் சொல்லும் 22 காரட் விலை, வெளிநாட்டு விலை, டாலர், வரி எல்லாம் பார்த்துப் போடுவது. மினி லாட் 100 கிராம் கட்டி, 995 தரம். வாங்கினாலும் நகையாக்க உருக்க வேண்டும், கூலியும் சேதாரமும் தனி.

பங்குத்திரை

டெலிவரி பற்றி நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போஸ்சாலைக்காரர் அந்தக் கிலோவை அன்றே விற்காமல் வைத்திருந்தால்? வரி குறைந்த பிறகு கடைகளில் கூட்டம் அலைமோதியதும் தெருவில் பிரீமியம் ஏறியதும் எல்லாரும் பார்த்ததுதானே.

போஸ்சாலைக்காரன்

ஏறியது தம்பி. அடுத்த வாரம் பிரீமியத்தோடுதான் விற்றேன். பிரீமியம் கொடுத்தது சில ஆயிரங்கள், போனது நான்கு லட்சம்.

அந்த வாடிக்கையாளர் தீபாவளிக்கு முன் வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்து 300 கிராம் கேட்டார். முன்பணம் கேட்டேன், மறுப்பில்லாமல் போட்டார். மூன்று மினி லாட் விற்று வைத்திருந்ததை அவருடைய பணம் வரும்வரை மூடவில்லை. மூன்றரை மணிக்கு வந்தது. அந்த இடைவெளியில் 10 கிராமுக்கு நாற்பது ரூபாய் ஏறியிருந்தது, ஆயிரத்து இருநூறு ரூபாய் எனக்கு நஷ்டம்.