ஹாயென் ஆலையிலிருந்து ஸ்பானிஷில் வந்த விலை மடல்: அந்த 4% வரி

லா ஷபெல் கடை
பாரிஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒலிவ் எண்ணெயை மொத்த வியாபாரியிடம் வாங்காமல் நேரடியாக எடுக்கலாம் என்று, தெற்கு ஸ்பெயினில் ஹாயென் மாகாணத்தில் உள்ள ஒரு சிறிய ஆலைக்கு எழுதினேன். குடும்பமாக நடத்துகிறார்கள். மறுநாளே ஸ்பானிஷில் பதில் வந்தது. இணைப்பு எதுவும் இல்லை, விலை முழுவதும் மடலுக்குள்ளேயே இருந்தது.

பிக்குவால் ரக எக்ஸ்ட்ரா வெர்ஜின், 5 லிட்டர் கேன் ஒன்று 24,75 யூரோ. பெட்டிக்கு 3 கேன். குறைந்தது ஒரு பலே, அதாவது பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டு ஒன்று நிறைய, எடுக்க வேண்டும். அதில் 48 பெட்டி, அதாவது 144 கேன். மொத்தம் 3.564,00. அதற்குக் கீழே இவா என்ற ஸ்பெயின் விற்பனை வரி 4% என்று 142,56 சேர்த்து 3.706,56 என முடித்திருக்கிறார். போக்குவரத்துக் கூலி தனி. விலை 7 நாளைக்குத்தான். முழுப் பணமும் முன்கூட்டியே வங்கியில் போட வேண்டும்.

எழுத்தில் நல்ல மரியாதை, கணக்கும் சரியாகவே இருக்கிறது. ஆனால் பிரான்சில் இருக்கிற கடைக்கு ஸ்பெயின் வரி ஏன்? இப்படி மடல் வாங்கியவர்கள் என்ன செய்தீர்கள்?

லியோன் உணவகம்
அண்ணை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கடைக்குக் கடை விற்றால் வரியே கிடையாது. உங்கள் டிவிஏ இலக்கத்தை, அதாவது பிரெஞ்சு விற்பனை வரி இலக்கத்தை, அனுப்பி அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தது. நான் இத்தாலியிலிருந்து தக்காளி டின் எடுப்பது அப்படித்தான்.

வலென்சியா கணக்கர்
லியோன் நண்பர் சொல்வது பாதி சரி. வரி இல்லாமல் போவதில்லை, கட்டும் இடம்தான் மாறுகிறது. ஸ்பெயின்காரர் வரி போடாமல் பில் கொடுப்பார். நீங்கள் பிரான்சில் உங்கள் டிவிஏ கணக்கில் 5,5% காட்டி, அதே கணக்கிலேயே கழித்துக்கொள்வீர்கள். கையிலிருந்து பணம் போகாது, ஆனால் கணக்கில் காட்டாமல் விட்டால் சிக்கல்.

அவர் வரியை நீக்க வேண்டுமானால் உங்கள் இலக்கம், வரி இலக்கங்களைச் சரிபார்க்கும் ஒன்றியத்தின் வியெஸ் தளத்தில் செல்லுபடியாக வர வேண்டும், சரக்கும் ஸ்பெயினை விட்டு வெளியே போக வேண்டும். இவ்வளவும் பலருக்குத் தெரியும். நான் இங்கே சின்ன ஆலைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: அவருடைய இலக்கத்தையும் அதே தளத்தில் போட்டுப் பாருங்கள். மடலின் அடியில், முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும். முன்னால் ES சேர்த்துத் தேடுங்கள்.

உள்ளூரில் மட்டும் விற்கிற ஆலைகள் பல, பிற ஒன்றிய நாடுகளோடு வியாபாரம் செய்வோருக்கான பதிவேட்டில் சேர்ந்திருக்காது. அதற்கு 036 என்ற படிவம் கொடுக்க வேண்டும். வரி அலுவலகத்துக்கு 3 மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டால் மறுத்ததாகத்தான் அர்த்தம். அந்த நிலையில் இருக்கிற ஆள் வெளிநாட்டுக்காரருக்கும் பழக்கத்தில் 4% போட்டுத்தான் மடல் எழுதுவார். ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பூர் யார்ன்
நமக்கு இது தலைகீழா நடக்கும் அண்ணா. நாங்க விற்கிற பக்கம். டி-சர்ட் ஒன்றுக்கு 2.850 டாலர் என்று மூன்று தசமத்தில் பார்சிலோனாவுக்கு விலை அனுப்பினோம். அவங்க ஊரில் புள்ளி என்றால் ஆயிரம், கமா என்றால் தசமம். "இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது எந்த அளவுக்கு?" என்று கேட்டு மடல் வந்தது. அதிலிருந்து ஸ்பெயினுக்குப் போகிற விலையில் இரண்டு தசமம் மட்டும்தான், அதுவும் கமா போட்டு. உங்க 3.564,00 மூவாயிரத்துச் சொச்சம்தான், சந்தேகம் வேண்டாம். சரி, ஸ்பெயினில் இருந்து காட்டன் துணி ஆர்டர் யாராவது எடுக்கிறீங்களா?

கெரேத்தாரோ வாசி
மெக்சிகோவில் வேலை செய்கிறேன். திருப்பூர்க்காரர் சொன்ன கமா இங்கே செல்லாது. இங்கே நம் ஊர் மாதிரியேதான், கமா ஆயிரத்துக்கு, புள்ளி தசமத்துக்கு. இங்கே கவனிக்க வேண்டியது டாலர் குறி. சின்ன பட்டறைக்காரர் அனுப்புகிற விலையில் $ என்று இருந்தால் அது பீசோ. அமெரிக்க டாலர் என்றால் USD என்று எழுதியிருப்பார். பீசோ என்பதை அழுத்திச் சொல்ல M.N. என்று சேர்ப்பதும் உண்டு. "மாஸ் இவா" என்று கடைசியில் இருந்தால் மேலே 16% சேரும். ஒரு மரச்சட்ட விலையைச் சென்னை அலுவலகம் டாலராக எடுத்துக்கொண்டு, "கொள்ளை விலை" என்று பதில் போடப் பார்த்தது. நல்ல வேளை, அனுப்பும் முன் என்னிடம் கேட்டார்கள்.

லா ஷபெல் கடை
கணக்கர் சொன்னபடி இரண்டு இலக்கத்தையும் போட்டுப் பார்த்தேன். என்னுடையது சரியாக வந்தது, அவருடையது செல்லாது என்று வந்தது. தொலைபேசியில் கதைத்தேன். மகள் கொஞ்சம் பிரெஞ்சு கதைப்பார். இதுவரை பிரான்சுக்கு விற்றதே இல்லையாம். பதிவுக்கு இந்த வாரமே கொடுக்கிறோம் என்றார்.

இன்னொரு ஆலையும் விலை தந்திருக்கிறது: 5,10 யூரோ. முதல் ஆலையின் விலை லிட்டருக்கு 4,95 வருகிறது, அதனால் இது கூடுதல் என்று தோன்றும். ஆனால் 5,10 என்பது கிலோவுக்கு, மொத்தமாகத் தொட்டியில் எடுத்தால். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 0,916 கிலோ, ஆக லிட்டருக்கு 4,67 தான். எண்ணெய் மட்டும் பார்த்தால் இதுதான் மலிவு. இருந்தாலும் எனக்கு உதவாது. கடையில் வாடிக்கையாளருக்கு விற்கிற எண்ணெய் 5 லிட்டருக்கு மேற்படாத, மூடி முத்திரை வைத்த கலத்தில்தான் இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து ஊற்றிக் கொடுக்க முடியாது, கேனில் அடைக்க என்னிடம் வசதியும் இல்லை.

லியோன் உணவகம்
அப்படியென்றால் இந்த முறை 4% கட்டிவிட்டு, ஸ்பெயினிடம் பிறகு திருப்பிக் கேட்கலாமே? வெளிநாட்டு வணிகருக்குத் திருப்பிக் கொடுக்கிற வழி இருக்கிறதுதானே.

வலென்சியா கணக்கர்
அந்த வழி ஹோட்டல் செலவு, கண்காட்சிக் கட்டணம் போன்றவற்றுக்கு. வரி விலக்கோடு விற்றிருக்க வேண்டிய சரக்கின் வரியை அதில் கேட்க முடியாது. அந்த 142,56 உங்கள் செலவாகத்தான் போகும், கேனுக்கு ஏறக்குறைய 1 யூரோ. ஒரு பலேக்கு அதைப் பொறுத்துக்கொண்டு எடுத்துப் பார்ப்பதா, பதிவு வரும்வரை காத்திருப்பதா என்பது உங்கள் முடிவு. விற்பவர் பதிவில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விலக்கு மறுக்கப்படக் கூடாது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நடத்த வேண்டியவர் ஆலைக்காரர். சின்ன ஆள், பயப்படுவார்.

கெரேத்தாரோ வாசி
வரியை விடுங்கள், முழுப் பணமும் முன்கூட்டியே என்பது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் தடவை 30% கொடுங்கள், பலே கட்டி முடித்த படம் வந்ததும் மீதி.

லியோன் உணவகம்
சின்ன ஆலை எப்படித் தம்பி ஒத்துக்கொள்ளும்? 2024 தொடக்கத்தில் ஆலை விலையே கிலோ 8 யூரோவுக்கு மேல் இருந்தது, பிறகு எவ்வளவு விழுந்தது என்று பார்த்தோம். 7 நாள் கெடு வைப்பதும் அதனால்தான். ஆளை நம்பினால் முழுதும் கொடுக்கலாம். ஆனால் கணக்கு இலக்கத்தைப் போனில் கேட்டு ஒப்பிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, விலை மடல் வந்த இரண்டாம் நாள் "வங்கி மாற்றிவிட்டோம்" என்று அதே ஆள் பெயரில் இன்னொரு மடல் வந்தது. கணக்கு ES என்று தொடங்காமல் வேறு நாட்டு எழுத்தில் தொடங்கியதால் தப்பினார்.

லா ஷபெல் கடை
முன்பணம் 50% என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. கூலியைப் பொறுத்தவரை, இங்கிருந்து ஸ்பெயின் போய்வரும் லொறிக்காரர் ஒருவர் ஆலை வாசலிலேயே ஏற்றிக்கொள்வதாகச் சொல்கிறார். மலிவாக முடியும்.

வலென்சியா கணக்கர்
லொறியை நீங்கள் அனுப்பினால், சரக்கு ஸ்பெயினை விட்டுப் போனதற்கான சான்று உங்கள் கையில்தான் இருக்கும். பதிவு வந்து வரியில்லாமல் வாங்கும்போது, சரக்கு வந்து சேர்ந்தது என்று அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கையெழுத்திட்டு அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். லொறிக்காரரின் சிஎம்ஆர் என்ற சரக்குப் போக்குவரத்துத் தாளில் பாரிஸில் இறக்கியதற்கான கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கிப் பிரதி அனுப்புங்கள். இதைத் தருவதாக இப்போதே மடலில் எழுதிவிட்டால், 50% கேட்பதற்கும் அவர் கொஞ்சம் இறங்கி வரலாம்.