[கலைச்சொல்] ரிவித் திரையில் நிற்கும் மணிக்கூடு, வானிலை, நாட்காட்டி: விட்ஜெட்டுக்கு ஒரு சொல்

உப்புவெளியிலிருந்து:

வணக்கம். அண்ட்ரொய்ட் ரிவிக்கான மணிக்கூட்டுச் செயலி ஒன்றின் அமைப்புப் பட்டியலைத் தமிழாக்குகிறேன். ரிவி சும்மா கிடக்கும்போது வரும் திரைக்கு ‘ஓய்வுத்திரை’ என்று வைத்திருக்கிறேன். அதில் நிற்கும் மணிக்கூடு, வானிலை, நாட்காட்டி மூன்றுக்கும் பொதுவாக ‘குறுங்காட்டி’ என்று போடலாமா? நாட்காட்டி, திசைகாட்டி என்று பழகிய வாய்க்கு இது வரும் என நினைக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து:

ஓய்வுத்திரை எதற்கு? ‘திரைக்காப்பு’ என்று கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே. ஒரே படம் நின்று திரையில் தடம் பதியாமல் காப்பதுதானே அதன் வேலை. விட்ஜெட்டை விட்ஜெட் என்றே விடலாம், கைப்பேசியிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து:

தம்பி சொல்வதில் பாதி சரி. படம் மாறிக்கொண்டே இருந்தால் அது காப்புத்தான். ஆனால் ஓலெட் திரையில் வெள்ளை மணிக்கூட்டை ஒரே மூலையில் மணிக்கணக்காக நிறுத்தினால், தடம் பதிப்பதே அந்த மணிக்கூடாகிவிடும். அதனால்தான் நல்ல செயலிகள் அதை மங்கலாக்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுகின்றன. அமைப்புப் பட்டியலில் ‘இடம் மாறட்டும்’ என்ற தெரிவு இருக்கும், அதை அணைக்கக் கூடாது. இதைத் திரைக்காப்பு என்று எழுதினால், எதைப் போட்டாலும் திரைக்குப் பாதுகாப்பு என்று ஆட்கள் நம்பிவிடுவார்கள். ஓய்வுத்திரைக்கே என் வாக்கு.

விட்ஜெட் என்றே விடுவதிலும் சிக்கல் உண்டு. கைப்பேசியில் விட்ஜெட்டைத் தொட்டால் செயலி திறக்கும். அண்ட்ரொய்டில் ஓய்வுத்திரையை நடத்துவது `DreamService`. அது வழக்கமாக, ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உடனே மறைந்துவிடும். வானிலையைத் தெரிவு செய்யவோ நாட்காட்டியைப் புரட்டவோ முடியாது. காட்டுவது மட்டுமே அதன் வேலை, ஆகவே ‘காட்டி’ சரியாகப் பொருந்துகிறது.

நிலாவெளியிலிருந்து:

குறுங்காட்டியோ நெடுங்காட்டியோ, எங்கள் வீட்டு ரிவியில் வானிலை பிழை. வெளியே கச்சான் காற்று அள்ளி வீசுகிறது, திரையில் மழைத்துளி. ரிவியை மாற்ற வேண்டுமா அண்ணா?

ஓர்ஸ் ஹில்லிலிருந்து:

ரிவியில் பிழை இல்லை. பெரும்பாலான ரிவிகளில் ஜிபிஎஸ் கிடையாது. செயலி உங்கள் இணைய முகவரியை வைத்து இடத்தை ஊகிக்கிறது. அந்த முகவரி அநேகமாகக் கொழும்பில் பதிவாகியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மழையைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி இங்கே வறண்ட கச்சானாக வருகிறது. அதனால் ஜூன், ஜூலையில்தான் இந்தக் குழப்பம் பளிச்சென்று தெரியும்.

முதலில் வானிலையின் அருகே ஊர்ப்பெயரைக் காட்டும் தெரிவை இயக்குங்கள். கொழும்பு என்று வந்தால் காரணம் உறுதி. பிறகு தானியங்கி இடத்தை நிறுத்திவிட்டு `Trincomalee` என்று தேடுங்கள். பட்டியலில் ஊர் இல்லாவிட்டால் அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23 என்று கொடுக்கலாம். வரிசை முக்கியம். மாற்றிக் கொடுத்தால் அது நோர்வேயின் சுவால்பாட் தீவுகளுக்கு வடமேற்கே உள்ள ஆர்க்டிக் கடல். பனிக்குறியோ உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையோ வந்தால் எண்கள் இடம் மாறிவிட்டன என்று அறியலாம்.

உப்புவெளியிலிருந்து:

நல்லது, அந்தத் தெரிவுக்கு ‘ஊர்ப்பெயரைக் காட்டு’ என்று எழுதுகிறேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. மாற்று முகப்புச் செயலி போட்டவர்களின் முகப்புத்திரையிலும் இதே வானிலை இருக்கிறது. அங்கே ரிமோட் அம்பால் அதன்மேல் போய் ஓகே அழுத்தினால் ஏழு நாள் முன்னறிவிப்பு திறக்கிறது. அதையும் குறுங்காட்டி என்பதா?

கிண்ணியாவிலிருந்து:

அதற்கு ‘வில்லை’ வைக்கலாம். அழுத்துகிற பொருள் என்பது சொல்லிலேயே தெரியும்.

மூதூரிலிருந்து:

வில்லை என்றால் பிள்ளைகளுக்குப் பௌதிகப் பாடத்தின் குவிவுவில்லைதான் ஞாபகம் வரும், மற்றவர்களுக்கு மருந்துக்கடை. எனக்கு விருப்பமில்லை. அதோடு ஒரே படத்துக்கு இரண்டு பெயர் வைத்தால், அமைப்பில் தேடுகிறவர் ஒன்றைக் கண்டு மற்றதைத் தவறவிடுவார்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து:

ரீச்சர் சொல்லும் தேடல் சிக்கல் உண்மையானது. ஆனாலும் ஓகே அழுத்தினால் திறக்கும் என்று எண்ணி ஓய்வுத்திரையில் அழுத்துகிறவருக்குத் திரையே மறைந்துபோகிறது, அதுவும் குழப்பம்தான். இப்போதைக்கு இரண்டையும் குறுங்காட்டி என்றே வைத்து, முகப்பில் உள்ளதன் விளக்க வரியில் ‘ஓகே அழுத்தித் திறக்கலாம்’ என்று சேருங்கள். வில்லையை விட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்றது, உப்புவெளித் தம்பி, சொற்களை ரிவியிலேயே போட்டுப் பாருங்கள். ‘குறுங்காட்டி’யின் கடைசி எழுத்தில் மேல்விசிறி இருக்கிறது. ஆங்கிலத்துக்கென்று இறுக்கமாக வைத்த வரி உயரத்தில் அதன் தலை வெட்டுப்பட்டால், எழுத்தைச் சிறிதாக்காமல் வரி உயரத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.