புதிய போனுக்கு வைஃபை கொண்டுவருவதற்கு என்ன சொல்?

செல்வி: ஆண்ட்ராய்டு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். புதிய போனைத் தொடங்கும்போது கூகுள் காப்பிலிருந்து எடுத்தால், பழைய போனில் சேமித்த வைஃபைகளும் வந்துவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் போன் தானாகவே இணையும். இதற்கு 'வலை மீட்பு' என்று போட்டிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

முருகேசன்: அறுந்துபோன இணைப்பைச் சரிசெய்வது போல ஒலிக்கிறதே அம்மா. 'வைஃபை மீட்டமைப்பு' என்று வைக்கலாம்.

கதிர்: வலை மீட்பு பற்றி ஐயா சொல்வது சரி. ஆனால் மீட்டமைப்பு வேண்டாம். போனின் தமிழ் அமைப்புகளில் 'மீட்டமை' என்றால் அழித்துவிட்டு ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது. கையேட்டைப் படித்தவர் அதைத் தேடி அழுத்தினால், சேமித்த வைஃபை அத்தனையும் போய்விடும். 'மீட்டெடு' தான் நமக்கு வேண்டிய வினை.

அப்புறம், எதை மீட்டெடுக்கிறோம்? போன் ஒவ்வொரு வைஃபைக்கும் இப்படி ஒரு குறிப்பு வைத்திருக்கிறது:

```
<string name="ConfigKey">&quot;Veedu&quot;WPA_PSK</string>
<string name="PreSharedKey">&quot;mazhai2019&quot;</string>
```

பெயர், பாதுகாப்பு வகை, கடவுச்சொல். முக்கியமாகக் காப்பில் போய்த் திரும்புவது இவைதான். அதனால் 'வலைக்குறிப்பு மீட்பு' என்பேன்.

ஜெயந்தி: எனக்கு இதில் ஒரு பிரச்சினை! புதிய போனில் வீட்டு வைஃபை 'சேமித்தது' என்று காட்டுகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனால் இணையவே மாட்டேன் என்கிறது. பழைய போன் இன்னும் இணைகிறது. காப்பு கெட்டுவிட்டதா?

கதிர்: ஜெயந்தி அக்கா, ரவுட்டரில் கருவிகளின் அடையாள எண்ணான மேக் முகவரிகளைப் பட்டியலிட்டு வைத்து, அதில் உள்ள கருவிகளை மட்டும் அனுமதிக்கிறீர்களா? ஆண்ட்ராய்டு 10 முதல் போன், வழக்கமாக ஒவ்வொரு வைஃபைக்கும் தனி முகவரியை உருவாக்கிக்கொள்கிறது. பழைய போனின் முகவரி புதியதற்கு வராது. புதிய போனில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து, அங்குள்ள மேக் முகவரியை ரவுட்டர் பட்டியலில் சேருங்கள்.

ஜெயந்தி: ஆமாம், தம்பி பட்டியல் போட்டு வைத்திருந்தான். சேர்த்ததும் இணைந்துவிட்டது.

செல்வி: அப்படியானால் குறிப்பு என்பதே பொருத்தம். குறிப்பு வந்தது, ரவுட்டரின் அனுமதி வரவில்லை. அலுவலக வைஃபை வராததையும் இதே பகுதியில் எழுதுகிறேன். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அந்த வகையை ஆண்ட்ராய்டு காப்பில் சேர்ப்பதில்லை, கையால்தான் போட வேண்டும்.

முருகேசன்: மீட்டமைப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் 'வலைக்குறிப்பு' என்றால் இணையத்தில் எழுதும் குறிப்பு என்றுதான் பலர் நினைப்பார்கள். 'இணைப்புக்குறிப்பு' தெளிவாக இல்லையா?

கதிர்: அது புளூடூத்துக்கும் பொருந்திவிடும் ஐயா. ஐபோனையும் பார்க்க வேண்டும். கணினியில் எடுக்கும் காப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினால்தான் அதில் வைஃபை விவரம் சேரும். ஐகிளவுட் சாவிக்கொத்து வழியாக வந்தால் அது மீட்பே இல்லை, கருவிகளுக்குள் ஒத்திசைவு. இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

செல்வி: ஆண்ட்ராய்டு பகுதிக்கு இப்போதைக்கு 'வைஃபை குறிப்பு மீட்பு' என்று போடுகிறேன். ஐபோன் பகுதியைக் காலியாக விடுகிறேன், சொல்லுங்கள்.