விற்கிற கேமில் இலவச இசை: ஒரு BY-SA பாட்டோடு எங்கள் அனுபவம்

ஜார்ஜ்டவுன்காரன்

வணக்கம். பினாங்கில் மூன்று நண்பர்கள் சேர்ந்து செய்த சாகச கேம் ஒன்று ஸ்டீமில் விற்பனைக்கு வரப்போகிறது. வெளியிட முன்வந்த நிறுவனம், உள்ளே இருக்கிற ஒவ்வொரு படமும் எழுத்துருவும் இசையும் எங்கிருந்து வந்தது, எந்த உரிமத்தில் வந்தது என்று பட்டியல் கேட்டது. அந்தப் பட்டியலைப் போடுகிற வேலை எனக்கு வந்தது. அதில் ஒரே ஒரு பாட்டுதான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கோப்பின் பெயர், செய்தவர், எடுத்த பக்கம், உரிமமும் அதன் பதிப்பு எண்ணும், எடுத்த தேதி, என்ன மாற்றினோம் என்பவை எல்லோரும் போடுகிற கட்டங்கள். அவற்றோடு 'கேமில் எங்கே வருகிறது' என்று இன்னொரு கட்டமும் வைத்தேன். சிக்கல் தெரிந்ததே அந்தக் கட்டத்தில்தான்.

படங்கள் சீக்கிரம் முடிந்தன. பெட்டி, பீப்பாய், மரம் எல்லாம் கென்னி தளத்து CC0, அதாவது கிரியேட்டிவ் காமன்ஸின் நிபந்தனையே இல்லாத வகை. பெயர்கூடப் போட வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் போட்டோம்.

அந்தப் பாட்டு, தம்பூரா சுருதியின் மேல் ஒரு புல்லாங்குழல். உரிமம் CC BY-SA 4.0. விற்கிற பொருளில் பயன்படுத்த அது தடை சொல்வதில்லை. பெயர் போட்டால் போதும் என்றுதான் குழுவில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கட்டத்தை நிரப்பினால் மூன்று இடத்தில் வருகிறது: முகப்புப் பட்டியலின் பின்னணி, கேம் தொடங்கும்போது வரும் அசைபடக் காட்சி, அப்புறம் ட்ரெய்லர்.

முகப்பில் அது தன்பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. மற்ற இரண்டிலும் அப்படி இல்லை. குழல் ஏறுகிற இடத்தில் கதவு திறக்கிறது, சுருதி நிற்கிற இடத்தில் திரை கறுக்கிறது. CC உரிமத்தின் முதல் பிரிவிலேயே, இசையை அசையும் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்த்தால் அது எப்போதும் தழுவல்தான் என்று தனியாக எழுதியிருக்கிறது. தழுவல் என்றால் SA வேலை செய்யும். வெளியே தருகிற அந்தக் காட்சியையும் ட்ரெய்லரையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும்.

'தந்துவிட்டுப் போகலாமே, ட்ரெய்லரை யார் எடுத்து என்ன செய்யப்போகிறார்கள்' என்று குழுவில் ஒருவர் கேட்டார். தர முடியாது. காட்சியில் இருக்கிற ஓவியங்களை வரைந்தவர் ஈப்போவில் இருக்கிறார். இந்தக் கேமுக்கும் இதன் விளம்பரத்துக்கும் மட்டும் என்றுதான் அவரோடு ஒப்பந்தம். அவர் ஓவியத்தை ஊரில் யாரும் எடுத்து மாற்றி விற்கலாம் என்று எழுதிக்கொடுக்க இந்தக் குழுவுக்கு உரிமையே கிடையாது. அதாவது பாட்டின் நிபந்தனையை நிறைவேற்றப் போனால் ஓவியரின் ஒப்பந்தம் உடையும்.

ஒன்று, பாட்டை மாற்ற வேண்டும். அல்லது இசையமைத்தவரிடமே தனி அனுமதி கேட்க வேண்டும். BY-SA என்று வெளியிட்டதால் அவருடைய உரிமை போய்விடவில்லை. அதே பாட்டை இன்னொருவருக்கு வேறு நிபந்தனையில் அவர் தாராளமாகத் தரலாம். மின்னஞ்சல் எழுதினோம். கேம், அதன் எல்லாத் தளத்துப் பதிப்புகள், பின்னால் வரும் கூடுதல் அத்தியாயங்கள், ட்ரெய்லர், பிறர் விளையாடிப் போடுகிற காணொளிகள் என்று பயன்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, SA நிபந்தனை இல்லாமல் தர முடியுமா என்று கேட்டோம். அதோடு, 'இதில் நீங்கள் வாசிக்காத ஒலி ஏதும் உண்டா?' என்ற கேள்வியையும் சேர்த்தோம்.

நல்லவேளை கேட்டோம். குழல் அவர் வாசித்தது. தம்பூரா ஃப்ரீசவுண்டில் எடுத்ததாம். போய்ப் பார்த்தால் CC BY. அது வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிற NC ஆக இருந்திருந்தால், பாட்டின் மேல் அவர் ஒட்டிய BY-SA என்கிற சீட்டே செல்லாது. அவர் எங்களுக்கு அனுமதி கொடுத்தும் பயன் இருந்திருக்காது.

ஒரு சிறு தொகைக்கு ஒத்துக்கொண்டார். மின்னஞ்சலையும், அன்றைக்கு அந்தப் பக்கம் இருந்த நிலையையும் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறோம். தம்பூரா பதிந்தவருக்கு கேமிலேயே ஒரு வரி போகிறது, இந்த வடிவத்தில்:

```
"<title>" by <author>, CC BY 4.0
https://creativecommons.org/licenses/by/4.0/
Changes: trimmed, mixed with flute
```

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

செந்தூல்தம்பி

அண்ணே, SA என்று பார்த்தாலே நான் தொடமாட்டேன். ஒன்று உள்ளே வந்தாலும் முழு கேமையும் சோர்ஸ் கோடு வரைக்கும் திறந்துவிட வேண்டும். அதற்கு NC எவ்வளவோ பரவாயில்லை. கேமை இலவசமாகக் கொடுத்துவிட்டு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். நாங்கள் ஃபோன் கேமில் அப்படித்தான் செய்கிறோம்.

ஒலிமேடை_பங்சார்

தம்பி, எச்சரிக்கையாக இருப்பது சரிதான், ஆனால் இரண்டு விஷயம் கலந்துவிட்டது. CC BY-SA பாட்டும் படமும் உங்கள் நிரலைத் திறக்கச் சொல்வதில்லை. அந்தப் பயம் நிரல்களுக்கான GPL உரிமத்திலிருந்து வந்தது. லிபரேட்டட் பிக்சல் கப் என்று 2012-ல் ஒரு போட்டி நடந்தது. அதில் வந்த படங்கள் CC BY-SA 3.0, GPL 3.0 என இரண்டிலும் கிடைக்கும், நமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். அங்கேதான் பலர் குழம்புகிறார்கள். BY-SA வழியில் எடுத்து, அந்தச் சிப்பாயின் சட்டை நிறத்தை மாற்றினால், மாற்றிய சிப்பாய் BY-SA. அவன் நடக்கிற நிரல் உங்களுடையதுதான். அவனை வைத்துக் கட்டிய முழுக் காட்சியும் தழுவலா, வெறும் தொகுப்பா என்பதில் வழக்கறிஞர்களே ஒரே மாதிரி பேசுவதில்லை. இசைக்கு மட்டும்தான் உரிமமே வாய்திறந்து பதில் சொல்லிவிடுகிறது.

NC-யில் நீங்கள் செய்வதுதான் எனக்குக் கவலை. கேமின் விலை என்ன என்று அந்த உரிமம் கேட்பதில்லை. வணிக ஆதாயமோ பணமோ முதன்மை நோக்கமாக இருக்கக்கூடாது என்கிறது. விளம்பர வருமானத்துக்காகவே வெளியிடுகிற கேம் அதற்குள் அடங்காது. அந்தப் பாட்டுகளை எடுத்துவிடுங்கள். அவை 4.0 என்றால், மீறல் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை தானாகத் திரும்பிவிடும், அதுவரை நடந்ததற்கு உரிமையாளர் கேள்வி கேட்கலாம் என்றாலும். 3.0 என்றால் அந்த வசதி கிடையாது, மீறியதுமே உரிமம் முடிந்துவிடும். பதிப்பு எண்ணையும் குறித்துவைக்க வேண்டியது இதற்காகத்தான்.

செந்தூல்தம்பி

விளம்பரம் என்னுடையது இல்லை, கூகுள் போடுகிறது. பணமும் மாதம் பத்து வெள்ளி தேறாது. இதையும் வணிகம் என்பார்களா?

ஒலிமேடை_பங்சார்

தொகை பெரியதா சிறியதா என்பது கணக்கில்லை தம்பி.

கல்யாணவீடியோ_பிரிக்ஃபீல்ட்ஸ்

யூடியூபில் உரிமைக் கோரிக்கை வருவதைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்? எனக்கும் நடந்தது. இலவசம், காப்புரிமை இல்லை என்று போட்டிருந்த நாதஸ்வரத்தை ஒரு தாலி கட்டும் காட்சிக்கு வைத்தேன். ஏற்றிய அன்றே யாரோ கோரிக்கை போட்டுவிட்டார்கள். வாசித்தது தியாகராஜர் கீர்த்தனை. அவர் 1847-ல் மறைந்தவர், அவருக்கு யார் இன்றைக்கு உரிமை கேட்க முடியும்?

ஒலிமேடை_பங்சார்

கீர்த்தனைக்கு யாரும் கேட்க முடியாதுதான் அண்ணே. வாசித்தவருக்கும் பதிவு செய்தவருக்கும் தனி உரிமை இருக்கிறது. மலேசியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு. நீங்கள் எடுத்த பக்கத்தில் ஏற்றியவர் பெரும்பாலும் அந்த நாதஸ்வரக்காரராக இருக்கமாட்டார். அதே ஆளின் கணக்கில் வேறு என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்துவிதக் குரல், பத்துவித வாத்தியம், பதிவின் தரமும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்றால் எங்கிருந்தோ எடுத்து அடுக்குகிறார் என்று அர்த்தம். அவர் CC0 என்று எழுதினாலும் அந்தச் சொல்லுக்குப் பலம் இல்லை, ஏனென்றால் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

ஜார்ஜ்டவுன்காரரே, இது உங்களுக்கும் வரும். நிஜமாகவே உரிமம் உள்ள பாட்டைக்கூட மூன்றாம் ஆள் யாராவது தன் பெயரில் யூடியூபில் பதிந்துவைத்தால், உங்கள் கேமை விளையாடிப் போடுகிற பையன்களுக்குக் கோரிக்கை போகும். இசையமைத்தவரின் மின்னஞ்சலை அவர்களுக்குக் காட்டக்கூடிய ஒரு பக்கமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துரு_பிறை

நான் பார்த்த ஒரு கேமில் தமிழ் வசனம் எல்லாம் லதாவில் இருந்தது. விண்டோஸிலேயே வருகிறதே, இலவசம்தானே என்று `latha.ttf` கோப்பை கேம் அடைவுக்குள் வைத்திருந்தார்கள். விண்டோஸ் வாங்கியவர் அதில் எழுதலாம், அச்சடிக்கலாம். கோப்பை நகலெடுத்து கேமோடு விற்க அந்த உரிமம் இடம் தருவதில்லை. மேக்கில் வரும் இணைமதியும், நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது என்று நமக்குப் பெருமை இருந்தாலும், அதே கணக்குதான்.

நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் இரண்டும் OFL என்கிற திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. அவற்றை கேமுக்குள் வைத்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. கூடவே `OFL.txt` போக வேண்டும், அதுவும் ஆட்டக்காரர் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில். ஃபோனில் அடைவைத் திறக்க முடியாது என்பதால் நன்றிப் பக்கத்தில் முழுப் பாடத்தையும் வைப்பதுதான் சுத்தம். அந்தக் கோப்பின் தொடக்கத்தில் Reserved Font Name என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், நீங்கள் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அந்தப் பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைக்க வேண்டும்.

எனக்கும் ஒரு கேள்வி. நான் செய்கிற கேமில் எதிரி அருகில் வந்தால் மத்தளம் கூடும், விலகினால் குறையும். அதில் ஒரு துண்டு BY-SA. அதுவும் படத்தோடு நேரம் பொருத்தியதாக ஆகிவிடுமா?

ஒலிமேடை_பங்சார்

அக்கா, வெட்டி ஒட்டிய காட்சி இல்லை, ஆட்டக்காரர் கையால் நடப்பது, அதனால் பொருத்தம் இல்லை என்று வாதாடலாம். படத்தில் நடப்பதற்கு இசை பதில் சொல்கிறதே என்று எதிர்ப்பக்கமும் வாதாடலாம். நான் என்றால் அந்தத் துண்டை மட்டும் CC0-வில் தேடி மாற்றிவிடுவேன். மத்தளம் எளிதாகக் கிடைக்கும்.

அப்புறம், முதல் பதிவில் விட்டுப்போன ஒன்று. தம்பூரா CC BY 4.0 தானே? உரிமம் தருகிற சுதந்திரத்தைத் தடுக்கிறமாதிரி தொழில்நுட்பப் பூட்டு போடக்கூடாது என்று அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தார் அந்த ஒரு நிபந்தனையை நீக்கித்தான் OGA-BY என்று தனி உரிமமே செய்தார்கள்.

ஜார்ஜ்டவுன்காரன்

ஸ்டீமில் பூட்டு நம் விருப்பம், நாங்கள் போடப்போவதில்லை. ஐஃபோன் பதிப்புதான் இடிக்கிறது, அங்கே கடையே செயலியைப் பூட்டித்தான் தருகிறது. அந்த ஒலியை எங்கள் தளத்தில் பூட்டில்லாமல் தனியாக வைத்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார், உரிமத்தில் அப்படி எங்கும் காணோம். தம்பூரா பதிந்தவருக்கே ஃப்ரீசவுண்ட் வழியாகச் செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதில் வராவிட்டால், ஐஃபோன் பதிப்புக்கு நாமே ஒரு தம்பூராவைப் பதிந்து, குழல் தடத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கலக்க வேண்டியதுதான். பட்டர்வொர்த்தில் தம்பூரா வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.